கரும்பு மெஷின் கியரைக் கழற்றும் வரிசை: கிரப் ஸ்க்ரூ, கீ, அதன் பிறகு புல்லர்

கரும்புச் சாறு பிழியும் மெஷினின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், ஒவ்வொரு உருளையின் ஷாஃப்ட் முனையிலும் ஒரு வார்ப்பிரும்பு கியர் உட்கார்ந்திருக்கும். உருளை ஓடும் புஷ் தேய்ந்துவிட்டால் ஷாஃப்ட்டை உருவ வேண்டும். அதற்கு முதலில் கியர் வெளியே வர வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கியரைக் கவ்வி வெளியே இழுக்கும் புல்லரை நேராக மாட்டி இறுக்குவார்கள், அசையாது, அப்புறம் சுத்தியலைத் தேடுவார்கள். போன கோடையில் என் பட்டறைக்கு வந்த மெஷினும் அப்படித்தான் வந்தது. ஏற்கெனவே யாரோ கியரின் ஓரத்தில் அடித்துப் பார்த்திருந்ததால் ஒரு பல்லின் நுனி பெயர்ந்திருந்தது. அந்தக் கியரை நாங்கள் கழற்றிய விதத்தையே இங்கே வரிசையாகச் சொல்கிறேன். மோட்டார், கன்வேயர், ரைஸ் மில் எலிவேட்டர் என்று எதிலிருந்து கீ போட்ட கியரைக் கழற்றினாலும் பெரும்பாலும் வரிசை இதுதான்.

முதலில் பெயர்கள். ஷாஃப்ட்டில் நீளவாக்கில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், கியரின் துளைக்குள்ளும் அதற்கு நேராக ஒரு பள்ளம் இருக்கும். இரண்டும் கீவே. இரண்டு பள்ளத்துக்கும் பொதுவாக உள்ளே உட்காரும் செவ்வகமான இரும்புத் துண்டுதான் கீ. ஷாஃப்ட் சுற்றும்போது கியரும் கூடவே சுற்றுவது இந்தத் துண்டால்தான். கியரின் நடுவில் தடித்துப் புடைத்திருக்கும் பகுதி ஹப். அந்த ஹப்பின் மேலிருந்து உள்நோக்கிப் போகும் தலையில்லாத திருகு கிரப் ஸ்க்ரூ. சிலர் செட் ஸ்க்ரூ என்பார்கள். அது கீயின் முதுகில் அழுத்தி நின்று, கியர் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்ளும்.

எங்களிடம் வந்ததில் ஷாஃப்ட் 35 மி.மீ. அந்த அளவு ஷாஃப்ட்டுக்கு வழக்கமான கீ 10 மி.மீ. அகலம், 8 மி.மீ. உயரம். அதில் 5 மி.மீ. ஷாஃப்ட்டுக்குள் புதைந்திருக்கும், மீதி 3 மி.மீ. வெளியே எழுந்து கியரின் பள்ளத்துக்குள் நிற்கும். கியரின் பள்ளம் 3.3 மி.மீ. ஆழம். ஆக கீயின் முதுகுக்கும் பள்ளத்தின் கூரைக்கும் இடையே 0.3 மி.மீ. இடைவெளி உண்டு. இந்தச் சிறு இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கை வைப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றி விடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கியருக்குள் விரல் வைக்காதீர்கள். கரும்பு மெஷினில் உருளைகளை நெருக்கி வைக்கும் திருகுகள் மேலே இருக்கும். அவற்றையும் தளர்த்தி விடுங்கள். உருளைக்குள் பாதிக் கரும்பு சிக்கியிருந்தால் கியர் பற்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே நிற்கும். அந்த அழுத்தம் முழுவதும் கீயின் பக்கச் சுவரில்தான் விழும். அழுத்தம் இருக்கும்வரை கீ வராது.

அடுத்து, ஷாஃப்ட்டின் முனையை டார்ச் அடித்துப் பாருங்கள். கீயைத்தான் முதலில் எடுக்க வேண்டுமா, எடுக்க முடியுமா என்பதை இந்தப் பார்வைதான் முடிவு செய்கிறது. முனையில் பள்ளம் திறந்து, கீயின் செவ்வக முகம் தெரிந்தால் கீயை நேராக வெளியே உருவலாம். முனை முழு வட்டமாக இருந்து, பள்ளம் எங்குமே தெரியாவிட்டால், கீ இரண்டு பக்கமும் மூடிய குழிக்குள் படுத்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கீயைக் கியர் இருக்கும்போது எடுக்கவே முடியாது. கிரப் ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, கியரைத்தான் கீயின் மேலாக உருவ வேண்டும். இன்னொரு வகையும் உண்டு. கீயின் முனையில் கொக்கிபோல ஒரு தலை எழுந்து நிற்கும். அது சரிவாகச் சீவிய கீ, 100-க்கு 1 என்ற சரிவு. ஆப்பு போல அடித்து இறுக்கியிருப்பார்கள். அந்தத் தலைக்கும் ஹப்புக்கும் இடையே உள்ள சந்தில் ஆப்பு உளியைச் செருகி அடித்தால் பின்னோக்கி வரும். அதை எடுக்காமல் புல்லர் போட்டால் கியர் உடைந்தாலும் உடையும்.

எங்கள் மெஷினில் பள்ளம் திறந்திருந்தது. கீயின் முகம் ஹப்பின் முகத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே தள்ளி, கருப்பாகத் தெரிந்தது.

அந்தக் கருப்பு பற்றி ஒரு விஷயம். பார்த்தவுடன் துரு என்று நினைத்து எல்லோரும் துரு விடும் எண்ணெயை அடிப்பார்கள். கரும்பு மெஷினில் அது பாதிதான் துரு, மீதி காய்ந்து இறுகிய சாறு. சர்க்கரை எண்ணெயில் கரையாது, வெந்நீரில் எளிதில் கரையும். எனவே முதலில் கொதிக்கிற தண்ணீரைக் கியரின் மேல் மெதுவாக ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஊற்ற வேண்டும். நாங்கள் மூன்று கெட்டில் ஊற்றினோம். வழிந்த தண்ணீர் முதலில் பழுப்பாக வந்து, மூன்றாவது முறை தெளிந்தது. அப்புறம் காற்றடித்து உலர்த்திவிட்டு எண்ணெய் அடித்தோம். ஒரு மணி நேரம் அப்படியே விட்டோம்.

கிரப் ஸ்க்ரூ

திருகு எங்கே இருக்கிறது என்று ஹப்பைச் சுற்றி முழுதாகத் தேடுங்கள். கீக்கு நேர் மேலே ஒன்று இருக்கும். பல கியர்களில் அதிலிருந்து கால் வட்டம் தள்ளி இரண்டாவது ஒன்று இருக்கும். அது ஷாஃப்ட்டையே நேராக அழுத்தும். கிரீஸும் பெயின்ட்டும் மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கம்பி பிரஷ் போட்டு, விரலால் தடவிப் பாருங்கள். சின்னக் குழி தட்டுப்பட்டால் ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

எங்கள் கியரில் இருந்தது எம்8 திருகு. அதன் அறுகோணக் குழிக்கு 4 மி.மீ. ஆலன் கீ. எம்6 என்றால் 3 மி.மீ., எம்10 என்றால் 5 மி.மீ. இங்கே அவசரப்படக் கூடாது. குழியின் அடியில் அழுக்கு இருந்தால் ஆலன் கீ பாதிதான் இறங்கும். பாதி இறங்கிய ஆலன் கீயைத் திருப்பினால் குழியின் மூலைகள் மழுங்கிப்போகும், அதற்கப்புறம் அரை நாள் வேலை. அழுக்கைச் சுரண்டி எடுத்து, ஆலன் கீயைச் செருகி, அதன் தலையில் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டுங்கள். அடி வரை உட்காரும், கூடவே திருகின் பிடியும் கொஞ்சம் அசையும். அங்குல அளவு ஆலன் கீயை மில்லிமீட்டர் குழியில் போடாதீர்கள். 5 மி.மீ. குழியில் 3/16 அங்குலம் உள்ளே போகும், ஆனால் அது 4.76 மி.மீ.தான். கொஞ்சம் லூசாக நின்று மூலைகளைத் தின்றுவிடும்.

திருப்பும்போது முதலில் ஒரு இழை இறுக்குகிற பக்கம் அழுத்துங்கள், பிறகு கழற்றுகிற பக்கம். துருவின் பிடி எந்தப் பக்கம் உடைந்தாலும் சரிதான். அசையாவிட்டால் திருகுப் பசை போட்டிருக்கலாம். திருகைச் சுற்றி ஹப்பைச் சூடாக்கினால் பசை இளகும். சூடாக்குவதற்கு முன்பு எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் தீப்பிடிக்கும். குழி ஏற்கெனவே மழுங்கியிருந்தால் அதைவிடச் சற்றே பெரிய நட்சத்திர பிட் ஒன்றை உள்ளே அடித்து இறக்கித் திருப்பிப் பாருங்கள். டிரில் போடுவது கடைசி வழி. கிரப் ஸ்க்ரூ கடினப்படுத்திய இரும்பு, சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கி ஹப்பின் மரையைத் தின்றுவிடும்.

திருகு அசைந்ததும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு "தளர்ந்துவிட்டது" என்று நிறுத்திவிடாதீர்கள். முழுவதும் வெளியே எடுத்து மேசையில் வையுங்கள். காரணம் இருக்கிறது. கிரப் ஸ்க்ரூவின் நுனி பெரும்பாலும் கிண்ணம் போலக் குழிந்து, விளிம்பு கூர்மையாக இருக்கும். அந்த விளிம்பு கீயின் முதுகில் வட்டமாக ஒரு பள்ளம் வெட்டி அதற்குள் புதைந்து நிற்கும். அரை மில்லிமீட்டர் நுனி மிச்சமிருந்தாலும் அது தாழ்ப்பாள் போட்ட மாதிரிதான்.

எடுத்தபிறகு அந்தத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கீயின் முதுகும் அதில் பளபளக்கும் வட்டத் தடமும் தெரிய வேண்டும். தட்டையான இரும்புக்குப் பதில் இன்னொரு அறுகோணக் குழி தெரிந்தால், அடியில் இன்னொரு திருகு இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு திருகு போட்டு, மேலதைப் பூட்டாக வைப்பது வழக்கம்தான். நான் வேலை கற்றுக்கொண்ட முதல் வருடம் இதைப் பார்க்காமல் விட்டேன். மேல் திருகை எடுத்ததும் புல்லரை மாட்டி முழுப் பலத்தில் இறுக்கினேன். "டக்" என்று ஒரு சத்தம், கியரின் ஹப் கீவேயின் மூலையிலிருந்து விரிசல் விட்டது. அந்தக் கியர் கடையில் கிடைக்காததால் வார்த்துக் கடைந்து வாங்க வேண்டியிருந்தது. பத்து விநாடி டார்ச் அடித்திருந்தால் அந்தச் செலவு வந்திருக்காது. என்னிடம் வேலை கற்றுக்கொள்கிறவர்களை இன்றும் துளைக்குள் பார்க்கச் சொல்லிவிட்டு, என்ன தெரிகிறது என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன்.

கீயை உருவுதல்

கீயை ஏன் முதலில் எடுக்க வேண்டும்? புதிதாகப் போட்ட கியரில் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, கியர் அதன் மேல் வழுக்கி வந்துவிடும். பல வருடம் ஓடிய கியர் அப்படி இல்லை. கரும்பு சிக்கும்போதெல்லாம் உருளையை முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் கீயின் மேல்பாதி கியரோடும் கீழ்ப்பாதி ஷாஃப்ட்டோடும் இழுபடும். கீயின் பக்கச் சுவரில், கியரின் துளையும் ஷாஃப்ட்டும் சந்திக்கிற மட்டத்தில் சின்னப் படி விழும். முதுகில் திருகு குத்திய இடத்தைச் சுற்றி உதடு போல இரும்பு எழும்பி நிற்கும். முன்பு சொன்ன 0.3 மி.மீ. இடைவெளியை அந்த உதடு அடைத்துவிடும். இந்த நிலையில் கியரை இழுத்தால் கீயும் சாய்ந்து கூடவே இழுபடும், சாய்ந்த கீ ஆப்பாக மாறும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு இறுகும்.

முதலில் ஷாஃப்ட்டின் மறுமுனையைப் பைப் ரென்ச்சால் பிடித்துக்கொண்டு, கியரைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரு முடி அளவு ஆடினாலும் போதும். கீயின் ஒரு பக்கத்தில் விழுந்திருந்த அழுத்தம் விட்டுப்போகும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். அது உள்ளே உறிஞ்சப்படுவதைப் பார்க்கலாம்.

அடுத்து, கழற்றுகிற திசைக்கு எதிர்த் திசையில் ஒரு வேலை. கியரை உள்ளே தள்ளுங்கள். கியருக்குப் பின்னால் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்களுக்குச் சட்டத்துக்கும் கியருக்கும் நடுவே 6 மி.மீ. இருந்தது. கியரின் முகத்துக்கும் கீயின் முகத்துக்கும் குறுக்கே மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டோம். 40 மி.மீ. உள்விட்டமுள்ள ஒரு குட்டைப் பைப்பை ஹப்பின் முகத்தில் வைத்து, கூட இருந்த தம்பி ஷாஃப்ட்டின் மறுமுனையில் கனமான சம்மட்டியை அண்டக் கொடுக்க, நான் பைப்பின் மேல் நடுத்தரமாக அடித்தேன். பைப் ஹப்பில் மட்டும்தான் படவேண்டும். வார்ப்பிரும்பு கியரின் விளிம்பிலோ பல்லிலோ ஒருபோதும் அடிக்காதீர்கள், அது வளையாது, உடையும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது அடியில் கியர் 5 மி.மீ. உள்ளே போனது, கீ அசையாமல் நின்றது. மார்க்கர் கோடு இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. இதில் இரண்டு லாபம். கியருக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே துருவின் பிடி உடைந்துவிட்டது, கீயின் முனையும் ஹப்பிலிருந்து 3 மி.மீ. வெளியே தலைநீட்டிவிட்டது. கீயும் கியரோடு சேர்ந்தே உள்ளே போனால் அதுவும் நல்ல சேதிதான். கீ கியரில் இறுகி, ஷாஃப்ட்டில் லூசாக இருக்கிறது என்று அர்த்தம்; இரண்டையும் ஒன்றாகவே வெளியே இழுத்துவிடலாம். நான்கைந்து அடியில் எதுவுமே அசையாவிட்டால் நிறுத்திவிடுங்கள். கீயின் உள்முனை பள்ளத்தின் முடிவில் முட்டிக்கொண்டு நிற்கலாம்.

கீ 10 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் வைஸ் கிரிப்பால் கவ்வி, ஹப்பின் முகத்தில் ஒரு தகட்டை வைத்து நெம்பினால் வந்துவிடும். எங்களுக்கு 3 மி.மீ.தான் இருந்தது, கவ்வினால் வழுக்கியது. எனவே கீயின் முகத்திலேயே மரை போட்டோம். முகத்தின் நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, 4.2 மி.மீ. பிட்டால் 15 மி.மீ. ஆழம் துளையிட்டு, எம்5 டேப் இறக்கினோம். கீயின் இரும்பு நடுத்தரக் கடினம்தான், எண்ணெய் விட்டு மெதுவாகப் போனால் டேப் உடையாது. துளை சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சாய்ந்தால் பிட் பள்ளத்தின் சுவரைத் தின்றுவிடும்.

அப்புறம் ஒரு எம்5 திருகுக்கம்பியை அந்த மரைக்குள் ஏற்றினோம். அதே குட்டைப் பைப்பை ஹப்பின் முகத்தில் நிறுத்தி, அதன் வாயை மூடுகிற மாதிரி நடுவில் துளையிட்ட ஒரு தடித்த பட்டையை வைத்து, கம்பியை அதன் வழியாக வெளியே எடுத்து நட்டைப் போட்டோம். கம்பி கீக்கு நேராக வரவேண்டும் என்பதால் பட்டையின் துளையைப் பைப்பின் நடுவிலிருந்து ஓரமாக நகர்த்திப் போட்டிருந்தோம். நட்டைத் திருப்பத் திருப்ப கம்பி இழுபட்டு, கீ வெளியே வர வேண்டும். முதல் அரைச் சுற்றில் நட்டு கடினமாக இருந்தது. அந்த நிலையிலேயே விட்டுவிட்டு, கிரப் ஸ்க்ரூ துளை வழியாக எண்ணெய் விட்டு, ஹப்பைச் சுற்றி நான்கு இடத்தில் செம்புச் சுத்தியால் தட்டினோம். மூன்றாவது சுற்று தட்டும்போது "கிர்க்" என்று சத்தம் கேட்டு நட்டு லேசானது. அதற்குப் பிறகு கீ சீராக வந்தது. எம்5 சின்னக் கம்பி என்பதை மறக்காதீர்கள். நட்டு திருகுகிறது, கீ வரவில்லை, ஆனால் கைக்கு ரப்பர் போல இழுபடுகிறது என்றால் கம்பி நீண்டுகொண்டிருக்கிறது. உடனே தளர்த்துங்கள். கம்பி உள்ளேயே அறுந்துபோனால் அந்தக் கீயைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

இப்போது புல்லர்

கீ போன பிறகு கியரைப் பிடித்திருப்பது ஷாஃப்ட்டோடு உள்ள இறுக்கமும் மிச்சத் துருவும் மட்டும்தான். மூன்று கால் புல்லரின் கால்களை ஹப்பின் பின்பக்கம் கொடுங்கள், பற்களின் பின்னால் கொடுக்காதீர்கள். புல்லரின் நடுத்திருகு ஷாஃப்ட்டின் மையக் குழியை நசுக்காமல் இருக்க ஒரு செம்புத் துண்டை இடையில் வையுங்கள். அடுத்த முறை அந்த ஷாஃப்ட்டை லேத்தில் ஏற்ற அந்தக் குழி வேண்டும். இறுக்கிவிட்டு, புல்லர் திருகின் தலையில் ஒரு அடி, மறுபடி கால் சுற்று இறுக்கம், மறுபடி ஒரு அடி. ஒரேயடியாக இறுக்குவதைவிட இது பத்திரம்.

எங்கள் கியர் பாதி தூரம் வந்து நின்றது. ஹப்பை மட்டும் சுற்றிச் சுற்றிச் சூடாக்கினோம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் "சுர்" என்று ஆவியாகும் அளவு போதும். ஷாஃப்ட்டைவிட ஹப் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் 35 மி.மீ. துளை சுமார் 0.04 மி.மீ. விரியும். கேட்டால் ஒன்றுமில்லை போலத் தோன்றும், கியரை விடுவிக்க அது தாராளம். ஷாஃப்ட்டில் சூடு ஏறுவதற்குள் இழுத்துவிட வேண்டும், இரண்டும் சேர்ந்து விரிந்தால் பலனில்லை. பக்கத்தில் ஆயில் சீல் இருந்தால் சூடே வேண்டாம், ரப்பர் பொரிந்துவிடும்.

கியர் கையில் வந்ததும் கீயைத் துடைத்துப் பார்த்தோம். முதுகில் 5 மி.மீ. வட்டத்தில் திருகின் தடம், அதைச் சுற்றி எழும்பிய உதடு, பக்கச் சுவரில் நகம் மாட்டுகிற அளவுக்கு ஒரு படி. இப்படிப் படி விழுந்த கீயை மறுபடி போடக் கூடாது, அது ஒவ்வொரு சுமைக்கும் ஆடிப் பள்ளத்தையும் தின்றுவிடும். கீயைத் தூக்கிப் போட்டுவிட்டு, 10-க்கு 8 பளபளப்புப் பட்டையில் புதியது வெட்டிக்கொண்டோம். புதியது பக்கவாட்டில் செம்புச் சுத்தியால் லேசாகத் தட்டினால் இறங்கும் அளவு இருக்க வேண்டும். கையால் போட்டால் விழுகிற மாதிரி லூசாகவோ, பெரிய சுத்தியல் கேட்கிற மாதிரி இறுக்கமாகவோ கூடாது. முதுகுப் பக்கம் மட்டும் சின்ன இடைவெளி இருக்கட்டும். ஷாஃப்ட்டில் பள்ளத்தின் இரு ஓரத்திலும் எழும்பியிருந்த பிசிறை மெல்லிய அரத்தால் எடுத்து, எமரி பேப்பரால் ஒருமுறை தேய்த்தோம்.

மறுபடி போடும்போது ஷாஃப்ட்டில் விரலால் தடவிய அளவு கிரீஸ் போதும். குடிக்கிற சாறு ஓடும் மெஷின் என்பதால், உணவு இயந்திரத்துக்கான கிரீஸைத்தான் வாங்கிப் போட்டோம், வழிந்ததையும் துணியால் துடைத்துவிட்டோம். புது கீயின் முகத்தில், ஷாஃப்ட்டில் ஏற்றுவதற்கு முன்பே ஒரு எம்5 மரையைப் போட்டு, அதற்குள் அழுக்குப் போகாமல் சின்னத் திருகு ஒன்றையும் ஏற்றிவிட்டோம். கிரப் ஸ்க்ரூவும் புதியது, ஒன்றுதான். அடுத்த முறை புஷ் மாற்றுகிறவருக்கு டிரில் தேவைப்படாது.